சிண்டைப் பிடித்த கை

அவன் அவளுடைய பின்னலைப் பிடித்து இழுக்கிறான். அவளும் சும்மா இருப்பவள் இல்லை. அவனுடைய பரட்டைத் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி இழுத்துவிட்டு ஓடுகிறாள். வளர்க்கும் தாய்மார் ஓடிவந்து விலக்குகிறார்கள். விலக்கிவிட்டு முதுகைத் திருப்பியதும் மறுபடி சண்டை, அதுவும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு. சில ஆண்டுகள் போகின்றன. அதே இருவரும் ஒன்றாகச் சேர்ந்து ஊரை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சிறுவயதில் அவர்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்திருந்த யாரோ வழியில் அவர்களைக் கண்டு, இரட்டையாகத் தொடுத்த மாலையைப் போல இருக்கிறார்களே என்று சொல்லி, இவர்களைச் சேர்த்துவைத்த விதியை வாழ்த்துகிறார்கள்.

இது குறுந்தொகையின் 229ஆம் பாடல். எழுதியவர் மோதாசனார். பாலைத் திணை, கண்டோர் கூற்று. நட்பு காதலாக மாறிய கதை தமிழில் எங்கே பிறந்தது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். பாட்டில் காதல் எந்த நாளில் வந்தது என்ற குறிப்பு இல்லை. சண்டை இருக்கிறது, பிறகு சேர்ந்த நடை இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்பதைப் பாடல் விட்டுவிடுகிறது. அந்த நடுப்பகுதியைத்தான் இன்றைக்கு உளவியல் படித்தவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதே வகையில் இன்னொரு கதை கலித்தொகையில் இருக்கிறது, 51ஆம் பாட்டு. தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலால் இடித்து, தலையில் சூடிய மாலையைப் பிய்த்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பையன் வளர்ந்து ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். தண்ணீர் கொண்டுபோனவளின் கையைப் பிடிக்கிறான். அவள் கத்திவிடுகிறாள். அம்மா பதறி ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கும்போது விக்கிவிட்டது என்று சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். அந்தப் பொய்யில்தான் காதல் இருக்கிறது. பழைய எதிரியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தக் காலத்துத் தமிழில் நட்பு என்ற சொல் காதலுக்கும் வழங்கியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தலைவி தன் மலைநாட்டுக் காதலனோடு தனக்குள்ள உறவை, நிலத்தையும் வானத்தையும் கடலையும் விடப் பெரியது என்கிறாள். அந்த உறவுக்கு அவள் வைக்கும் பெயர் நட்பு. வள்ளுவர் காமத்துப்பாலில், 1122ஆம் குறளில், ஓர் ஆண் தன் காதலியோடு தனக்கு இருப்பதைச் சொல்லும்போதும் அதே சொல்லைத்தான் எடுக்கிறார். அவரே பொருட்பாலில் ‘பழைமை’ என்று ஓர் அதிகாரம் வைத்து, நெடுநாள் பழகியவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றிப் பத்துக் குறள் எழுதியிருக்கிறார். கேட்காமல் எடுத்துக்கொள்ளும் அந்த உரிமை நம் கதையில் பிற்பாடு முக்கியமாக வரப்போகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் பக்கத்து ஒலியமங்கலத்தைப் பழைய ஒல்லையூர் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அந்த ஊரை மீட்டவன் என்று பெயர் பெற்ற பூதப்பாண்டியன் புறநானூறு 71இல் ஒரு வஞ்சினம் சொல்கிறான். எதிரிகளை வெல்லாவிட்டால் எனக்கு இன்னின்ன நேரட்டும் என்று தன்னையே சபித்துக்கொள்ளும் பட்டியல் அது. முதலில் வருவது, அழகிய கண்ணுடைய என் மனைவியைப் பிரிவேனாக என்பது. அடுத்துச் சில அடிகளிலேயே, கண்ணைப் போன்ற நண்பர்களோடு சிரித்து மகிழும் வாழ்வை இழப்பேனாக என்று, மாவன், ஆந்தை, அந்துவஞ்சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன் என அவர்கள் பெயரையும் சொல்கிறான். ஓர் ஆண் இழக்க அஞ்சும் இரண்டையும் ஒரே மூச்சில் வைத்த பாட்டு அது. ஆனாலும் அவை இரண்டு தனி வரிசைகள்தான். மனைவி ஒருபுறம், சிரித்துப் பேசுகிறவர்கள் இன்னொருபுறம். அந்த வரிசைகள் ஒன்றுசேர நம் மண்ணில் வெகுகாலம் பிடித்தது.

ஏன் அவ்வளவு காலம் என்றால், ஆணும் பெண்ணும் நண்பராக இருக்க ஓர் இடம் வேண்டும். தெருவில் சேர்ந்து விளையாடும் வயது முடிந்ததும் அந்த இடம் போய்விடும். எங்கள் பக்கம் அதற்கு ஒரே விதிவிலக்கு முறை. அத்தை மகன், மாமன் மகள் என்றால் கேலி பேசலாம், வம்பிழுக்கலாம், திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று சிரிக்கலாம். அதை ஊர் தப்பாக எடுக்காது. இன்னும் சொன்னால் ஊரே தூண்டிவிடும். மற்ற எந்தப் பையனாக இருந்தாலும் அவன் ‘அண்ணே’தான். தமிழில் ஒரு பெண் தனக்கு உறவில்லாத ஆண் நண்பனைக் கூப்பிட உறவுச்சொல்லே கிடையாது. இருப்பது வேலிச்சொல் ஒன்றுதான். ஒருவனை ‘அண்ணா’ என்று அழைத்துவிட்டால் இரண்டு பேரும் பத்திரம். ஆகவே பழகிப் பிறகு காதலிப்பது என்பது நமக்குப் புதிதல்ல. சொந்தத்துக்குள், சாதிக்குள் வேலி போட்டு வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

அந்த வேலிக்கு வெளியே நட்பும் திருமணமும் சந்தித்த கதையில் புதுக்கோட்டைக்கு ஒரு பங்கு உண்டு. 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, மன்னரின் அனுமதியோடு ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் தனி ஒரு பெண்ணாகப் படித்தார். அப்பா நாராயணசாமி அய்யர் அந்தக் கல்லூரியின் முதல்வர். எதிர்ப்புக்குக் குறைவில்லை. 1912இல் சென்னையில் மருத்துவப் படிப்பை முடித்தார். திருமணமே வேண்டாம் என்றிருந்தவர் 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தபோது நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்பது அது. அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் கல்யாணம்.

இது நண்பர்கள் காதலர்களான கதை இல்லை. ஆனால் இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. வகுப்பில் இத்தனை ஆண்கள் இருந்தும் ஒருவரோடும் நட்பாகப் பேச முடியாத காலத்தில் வளர்ந்த ஒரு பெண், நட்பு தானாகக் கொடுத்திருக்கக்கூடியதை நிபந்தனையாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நண்பர்களுக்குள் யாரும் சமத்துவம் கேட்டு ஒப்பந்தம் போடுவதில்லை. மேல் கீழ் வந்த அன்றைக்கு நட்பு முறிந்துபோகும், அதனால்தான்.

பிறகு சுயமரியாதைத் திருமணம் வந்தது. அண்ணாவின் அரசு 1967இல் கொண்டுவந்து 1968 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், புரோகிதர் இல்லாமல், உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலே திருமணம் செல்லும் என்றது. நண்பர் என்ற சொல் கல்யாணச் சட்டத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். ஆனால் சாட்சியாக நுழைந்ததே தவிர மணமகனாகவோ மணமகளாகவோ அல்ல. பழகுவதற்கான இடத்தைச் சட்டம் உண்டாக்க முடியாது.

இடம் வேறு வழியில் வந்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். தெருவில் கேலி பேசியவர்களும் இருந்தார்கள். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினார்கள். எல்லோரும் தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் என்றே அதைப் பேசுவார்கள். எனக்கு அதில் இன்னொன்று தெரிகிறது. அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விடாமல் ஒரு பெண் தானாக ஓர் இடத்துக்குப் போய், தானாகத் திரும்பி வரும்போதுதான் வழியில் நண்பர் என்று ஒருவர் கிடைக்க முடியும். மாலை வகுப்பில் தொண்டர்களாக ஆணும் பெண்ணும் ஒரே விளக்கடியில் உட்கார்ந்து வேலை பார்த்தபோது முறை கேட்டு உட்காரவில்லை.

இனி அந்த நடுப்பகுதிக்கு வருகிறேன்.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டானு ஆன்டனி ஸ்டின்சன் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் காதல் எப்படித் தொடங்குகிறது என்ற ஆய்வுகளையும் பாடப்புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை முன்பின் தெரியாத இருவருக்குள் மூளும் ஈர்ப்பைப் பற்றியே பேசின. பிறகு, ஏழு ஆய்வுகளில் பங்கேற்ற 1,897 பேர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு பேர் தங்கள் காதல் நட்பிலிருந்துதான் வந்தது என்றார்கள். மாணவர்களிடம் விரிவாகக் கேட்டபோது, காதலாக மாறுவதற்கு முன் சராசரியாக 22 மாதங்கள் நண்பர்களாக இருந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் காதலிக்க வேண்டும் என்று நினைத்து அந்த நட்பைத் தொடங்கவில்லை. 2021இல் வெளியான கட்டுரை இது.

இவ்வளவு பெரிய விஷயம் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்பதற்கு என் ஊகம் எளிது. முன்பின் தெரியாத இரண்டு மாணவர்களை ஓர் அறையில் உட்கார வைத்துப் பத்து நிமிஷத்தில் ஈர்ப்பை அளந்துவிடலாம். 22 மாதம் காத்திருக்க எந்த ஆய்வுக்கூடத்துக்கும் பொறுமை இருக்காது. நம் சினிமாவும் அதே சிக்கலில்தான் இருக்கிறது. கண்டதும் காதல் ஒரு பாட்டில் முடிந்துவிடும்.

22 மாதத்தில் என்ன நடக்கிறது? ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வம்பனில் ஏறுகிற ஒரு பையன், ஆலங்குடியில் ஏறுகிற ஒரு பெண், இருவரும் புதுக்கோட்டையில் கல்லூரிக்குப் போகிறவர்கள். பேருந்தில் அவள் ஏறும்போது உட்கார இடம் இருக்காது. உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். அவன் வாங்கி வைத்துக்கொள்கிறான். அவன் ஒரு வருஷம் மூத்தவன், ஆகையால் ‘தேங்க்ஸ் அண்ணா’. முதல் மூன்று மாதம் அந்தப் பைதான் உறவு.

நாலாம் மாதம் பையோடு ஒரு நோட்டும் கைமாறுகிறது. அவனுக்கு ஒரு பேப்பர் அரியர் இருப்பது அவளுக்குத் தெரியவருகிறது. அவள் சிரிக்கவில்லை. அந்த வாரமே அவள் தன் வீட்டில் அடகுக்குப் போன சங்கிலியைப் பற்றி ஒரு வரி சொல்கிறாள். அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்படித்தான் ஒருவர் ஒரு படி இறங்கிச் சொன்னதும் மற்றவர் ஒரு படி இறங்குகிறார். உளவியலில் இதில் முக்கியமானது சொல்வது அல்ல, சொன்னதற்குக் கிடைக்கும் பதில். ஹாரி ரைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நெருக்கத்தைப் பற்றி எழுதியதன் சாரம் இதுதான்: என்னைப் புரிந்துகொண்டார், மதித்தார், என்மேல் அக்கறை காட்டினார் என்று சொன்னவருக்குத் தோன்ற வேண்டும். அடகுச் சங்கிலியைப் பற்றி அடுத்த நாள் அவன் கேட்கவும் செய்தான், கூட்டத்தில் கேட்கவில்லை. அந்த இரண்டும் சேர்ந்ததுதான் பதில்.

இந்த மாதங்களில் இன்னொன்றும் நடக்கிறது. அவன் தூங்கி வழிந்ததை அவள் பார்க்கிறாள். கண்டக்டரிடம் சில்லறைக்காக அவன் சத்தம் போட்டதைப் பார்க்கிறாள், வயதானவருக்கு எழுந்து இடம் கொடுத்ததையும் பார்க்கிறாள். காய்ச்சலில் எண்ணெய் வடிந்த முகத்தோடு அவள் வந்த நாளும் உண்டு. பெண் பார்க்கும் அன்றைக்கு யாரும் இப்படிக் கிடைக்க மாட்டார்கள். அன்று பஜ்ஜியும் பட்டும் மட்டும்தான். காதலிக்கத் தொடங்கியவர்களும் இப்படிக் கிடைக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே கண்ணாடி பார்த்துவிட்டு வருகிறார்கள். நண்பர்கள் மட்டுமே ஒருவரை ஒருவர் ஒப்பனை இல்லாமல் பார்க்கிறார்கள், ஏனென்றால் அப்போது யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

முகமும் மாறிப்போகும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லூசி ஹன்ட் என்பவரும் குழுவினரும் 167 ஜோடிகளை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். பார்த்த கொஞ்ச நாளில் காதலிக்கத் தொடங்கிய ஜோடிகளில் இருவரும் அழகில் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தார்கள். நெடுநாள் பழகி, நண்பர்களாக இருந்து பிறகு சேர்ந்த ஜோடிகளில் அந்தப் பொருத்தம் வெகுவாகக் குறைந்தது. பழகப் பழக ஒருவரின் அழகு ஊர் போடும் மதிப்பாக இல்லாமல் பழகியவர் போடும் மதிப்பாகிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இவளிடம் என்னத்தைக் கண்டான் என்று ஊர் கேட்கும். இரண்டு வருஷம் பேருந்தில் கண்டதை ஊர் கண்டிருக்காது.

எந்த இடத்தில் அது காதலாகிறது? 1970இல் ஸிக் ரூபின் என்பவர் இதற்கு ஓர் அளவுகோல் செய்தார். பிடித்திருப்பதற்குத் தனிக் கேள்விகள், நேசிப்பதற்குத் தனிக் கேள்விகள். மதிப்பு, நல்ல குணம், என்னைப் போல இருக்கிறார் என்பதெல்லாம் முதல் கட்டு. அவர் இல்லாமல் இருக்க முடியாது, அவருக்காக எதையும் செய்வேன், அவரிடம் எதையும் சொல்லலாம் என்பதெல்லாம் இரண்டாவது. காதலர்களிடம் தங்கள் இணையைப் பற்றியும் நெருங்கிய நண்பரைப் பற்றியும் ஒரே கேள்விகளைக் கேட்டார். பிடித்திருப்பதில் இணைக்கும் நண்பருக்கும் அதிக வித்தியாசம் இல்லை. நேசத்தில்தான் இருவருக்கும் இடையே பெரிய தூரம். அதாவது பிடித்திருப்பது கூடிக்கூடிப் போய்க் காதலாவதில்லை. அது அப்படியே இருக்க, பக்கத்தில் வேறொன்று முளைக்கிறது.

நம் பேருந்து ஜோடிக்கு அந்த முளை எப்படித் தெரியும்? அவள் ‘அண்ணா’வை விடுகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிடவும் வாய் வராது, ஆகவே ஒரு மாதம் எதுவும் சொல்லாமல் ‘இந்தாங்க’ என்று மட்டும் பையை நீட்டுவாள். அவன் அதுவரை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தவன் திடீரென்று சிலவற்றை மறைக்கத் தொடங்குவான். சட்டையை இஸ்திரி போடுவான். நல்ல செய்தி கிடைத்ததும் முதலில் யாரிடம் சொல்லத் தோன்றுகிறது என்பதும் ஒரு குறி. நட்பு இயல்பாக இருந்த இடத்தில் கூச்சம் வந்து உட்கார்ந்தால் ஏதோ நடந்துவிட்டது.

தவறிப்போவதும் இங்கேதான். அவள் தன் கஷ்டத்தைச் சொன்னது நண்பனிடம். அவன் அதைக் காதலின் அறிகுறியாகப் படிக்கிறான். அமெரிக்காவில் ஆண் பெண் நண்பர்கள் 88 ஜோடிகளை வைத்து ஏப்ரில் பிளெஸ்கி ரெச்செக் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களைவிட ஆண்களுக்கே தோழியின்மேல் ஈர்ப்பு அதிகம் இருந்தது. அவர்கள் தோழிக்கும் அப்படியே இருக்கும் என்று மிகையாக நினைத்துக்கொண்டார்கள். ஆகவே ப்ரபோஸ் பண்ணும் பையன் வேண்டாம் என்ற பதிலை எப்படி எடுத்துக்கொள்கிறான் என்பதுதான் 22 மாத நட்பு உண்மையாக இருந்ததா என்பதற்குச் சோதனை. மறுநாளும் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டால் அது நட்புதான். பழகியதே இதற்காகத்தானே என்று கோபித்தால், அங்கே நட்பு என்ற ஒன்று இருந்ததே இல்லை.

அதிகமாகப் பழகினாலும் காதல் வராது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. தைவானில் பெண் குழந்தையைச் சிறுவயதிலேயே வருங்கால மாமியார் வீட்டில் கொண்டுவந்து விட்டு, கணவனாகப் போகிறவனோடு சேர்த்தே வளர்க்கும் வழக்கம் இருந்தது. ஆர்தர் வுல்ஃப் என்ற மானிடவியலாளர் 14,000க்கும் மேற்பட்ட பெண்களின் திருமணப் பதிவுகளை ஆராய்ந்தார். இப்படிச் சேர்ந்து வளர்ந்த ஜோடிகளில், அதிலும் பெண் மூன்று வயதுக்கு முன் வந்த ஜோடிகளில், விவாகரத்து அதிகம், குழந்தைகள் குறைவு. ஒரே பாயில் வளர்ந்தவர்களுக்குள் அண்ணன் தங்கை மனம் வந்துவிடுகிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய பாட்டுகளுக்குத் திரும்பினால் ஒன்று கண்ணில் படுகிறது. சிண்டு பிடித்துச் சண்டையிட்ட குழந்தைகள் வெவ்வேறு செவிலியர் கையில் வளர்ந்தவர்கள் போலத் தெரிகிறது, ஒரே வீட்டில் அல்ல. மணல்வீட்டை இடித்தவன் பிறகொரு நாள் தாகத்தோடு வாசலில் வந்து நிற்கிறவன். அத்தை மகனும் அடுத்த ஊரில் இருந்து திருவிழாவுக்குத் திருவிழா வருகிறவன்தான். பழக்கமும் வேண்டும், நடுவில் ஓர் இடைவெளியும் வேண்டும். தெரிந்த முகத்தைப் புதிதாகப் பார்க்க அந்த இடைவெளிதான் வழிவிடுகிறது. கல்லூரி விடுமுறையில் ஒரு மாதம் பார்க்காமல் இருந்து ஜூனில் மறுபடி அந்தப் பேருந்தில் ஏறும்போதுதான் பலருக்கும் விஷயம் புரிந்திருக்கும்.

அப்படியானால் நட்பில் தொடங்கிய திருமணங்கள்தான் நிலைக்குமா? இங்கே நான் கவனமாகப் பேச வேண்டும். நட்பு முன்னால் வந்தது என்பது ஒன்று, நட்பு உள்ளே இருக்கிறது என்பது வேறொன்று. பெரும்பாலான ஆதாரம் இரண்டாவதற்குத்தான். பிரிட்டனில் ஆண்டுதோறும் அதே குடும்பங்களைக் கேட்டுவந்த பெரிய கணக்கெடுப்பை வைத்து ஷான் குரோவர், ஜான் ஹெல்லிவெல் இருவரும் எழுதினார்கள். திருமணத்தால் வாழ்க்கைத் திருப்தி கூடுகிறது. கணவனையோ மனைவியையோ தன் மிக நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்களுக்கு அந்தக் கூடுதல் மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவர்களிடம் கல்யாணத்துக்கு முன் நண்பர்களா என்று கேட்கவில்லை, இப்போது நண்பரா என்று கேட்டார்கள்.

நமக்கு நெருக்கமான ஓர் ஆய்வு 1982இல் ஜெய்ப்பூரில் நடந்தது. உஷா குப்தா, புஷ்பா சிங் இருவரும் ரூபினின் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு 50 ஜோடிகளிடம் கேட்டார்கள், பாதிப் பேர் காதல் திருமணம், பாதிப் பேர் பெற்றோர் பார்த்தது. காதலித்து மணந்தவர்களிடம் தொடக்கத்தில் நேசத்தின் மதிப்பெண் உயரத்தில் இருந்தது, ஐந்து ஆண்டுக்கு மேல் போனால் இறங்கியிருந்தது. பெற்றோர் பார்த்து மணந்தவர்களிடம் கீழிருந்து மெல்ல ஏறிப் பத்து ஆண்டு தாண்டும்போது மேலே போயிருந்தது. இதைக் காட்டி, பார்த்தீர்களா பெரியவர்கள் செய்வதுதான் சரி என்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜோடிகள் மிகக் கொஞ்சம். அதே ஜோடியைப் பத்து வருஷம் பின்தொடர்ந்ததும் அல்ல, வெவ்வேறு வயதுத் திருமணங்களை ஒரே நேரத்தில் கேட்டது. 2012இல் பமேலா ரீகன் குழு அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் கேட்டபோது இரண்டு வகைக்கும் நேசத்திலோ திருப்தியிலோ வித்தியாசமே தென்படவில்லை.

எனக்கு ஜெய்ப்பூர் ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. பார்த்து வைத்த கல்யாணத்தில் அந்த ஏற்றம் நடக்கும் வீடுகளில், பேருந்துப் பை மடியில் ஏறிய அதே வேலை தாமதமாக நடக்கிறது. ஒருவர் ஒரு படி இறங்கிச் சொல்கிறார், மற்றவர் அதைக் காப்பாற்றுகிறார், தூங்கி வழிந்த முகத்தைப் பார்த்துவிட்டும் முகம் சுளிக்காமல் இருக்கிறார். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாமல் தொடங்கிய வீட்டில் அது நடப்பது சிரமம். பேருந்தில் அந்தப் பெண்ணுக்கு அந்த உரிமை ஒவ்வொரு காலையிலும் இருந்தது. அவள் வேறு யாரிடமாவது பையைக் கொடுத்திருக்கலாம். 22 மாதம் அவனிடமே கொடுத்தாள். வள்ளுவர் பழைமையில் சொல்லும் உரிமை, கேட்காமல் எடுத்துக்கொள்ளும் அந்த உரிமை, கொடுக்காமல் இருக்கவும் வழி இருந்த இடத்தில்தான் வளரும்.

அந்த வழி எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. நாங்க வெறும் ஃப்ரண்ட்ஸ்தான் என்று இன்றைக்கும் எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் பாதி நேரம் அது உண்மையாகவே இருந்தும் நம்பப்படுவதில்லை. நம்பினாலும் அடுத்த கேள்வி எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்பது. அந்தக் கேள்விக்கான பதில் தமிழ்நாட்டில் சிலருக்கு உயிரையே விலையாகக் கேட்டிருக்கிறது.

மோதாசனாரின் பாட்டில் பேசுகிறவர்கள் வழியில் போகிறவர்கள். அந்த இருவரையும் சிண்டைப் பிடித்த வயதிலிருந்து தெரிந்தவர்கள். இப்போது ஒன்றாகப் போவதைப் பார்க்கிறார்கள், இரட்டை மாலை என்கிறார்கள், விதியே நீ நல்ல காரியம் செய்தாய் என்கிறார்கள். எந்தத் தெரு, யார் வீடு என்று அவர்கள் கேட்கவில்லை.